மூட்டை விலையா, சத்தின் விலையா: மேலூர் வட்டாரத்தில் 15 ஏக்கர் சம்பா நெல்லுக்கு உரமும் விதையும் வாங்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனத்தை நம்பியுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்த ஆறு குடும்பங்கள், 2024 சம்பா பருவத்தில் தங்களுக்குத் தேவையான உரத்தையும் விதையையும் சேர்ந்து வாங்குவது என்று முடிவு செய்தன. அவர்களிடம் மொத்தம் 15 ஏக்கர் நெல் நிலம் இருந்தது. அதில் ஏறத்தாழ 8 ஏக்கர் கண்மாய்க்குக் கீழே உள்ள களிப்பாங்கான மண். மற்றவை மேட்டுப் பக்கத்தில் உள்ள செம்மணல் கலந்த இளக்கமான மண். அந்தக் குழுவிற்குக் கணக்குப் போட்டு உதவியவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன். குடும்பங்களின் பெயர்களும் கடைகளின் பெயர்களும் இதில் இடம்பெறவில்லை.

முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக மேலூரில் உள்ள ஓர் உரக்கடைக்குச் சென்று, கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டின்படி வாங்கி வந்தது. அந்தச் சீட்டு பல ஆண்டுகளாக மாறவில்லை. ஏக்கருக்கு அடியுரமாக ஒன்றுக்கு மேற்பட்ட சத்துகள் சேர்ந்த 20-20-0-13 காம்ப்ளக்ஸ் உரம் இரண்டு மூட்டை, மேலுரமாக யூரியா இரண்டு மூட்டை, பொட்டாஷ் முக்கால் மூட்டைக்குச் சற்றுக் குறைவு என்பதே அதில் இருக்கும். இந்தச் சீட்டில் சத்துக் குறைபாடு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மத்திய கால நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல் சத்து. ஏக்கர் கணக்கில் இது ஏறத்தாழ 60, 20, 20 கிலோ ஆகும். கடைக்காரரின் சீட்டும் அநேகமாக இதே அளவையே தருகிறது. அதே சத்தை அதைவிடக் குறைந்த செலவில் வாங்க முடியுமா என்பது மட்டுமே குழுவின் முன்னிருந்த கேள்வி.

கவனிக்கப்பட்டவை

ஆகஸ்ட் இறுதியில் மூன்று இடங்களில் விலை கேட்கப்பட்டது. ஒன்று, கிராமத்திற்கு அருகிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். இரண்டாவது, வழக்கமான மேலூர் கடை. மூன்றாவது, மதுரை நகரில் உள்ள ஒரு பெரிய உரக்கடை. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒவ்வொரு சில்லறை விற்பனையாளரும் இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதால், முதலில் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு மூட்டையில் அச்சிடப்பட்டுள்ள அதிகபட்ச விலையோடு அதை ஒப்பிட்டோம். வாய்மொழியாகக் கேட்கும்போது ஒரு விலையும், பலகையில் வேறு விலையும், மூட்டையில் மூன்றாவது விலையும் இருப்பது இந்த வட்டாரத்தில் புதிதல்ல.

மூன்று விஷயங்கள் கவனத்திற்கு வந்தன. மேலூர் கடையில் யூரியா மூட்டை 290 ரூபாய் என்று சொல்லப்பட்டது. 45 கிலோ யூரியா மூட்டையின் அதிகபட்ச விலை 266 ரூபாய் 50 காசு. மீதித் தொகை இறக்குகூலி என்றார்கள். அச்சிட்ட விலையைச் சுட்டிக்காட்டி ரசீது கேட்டவுடன், அந்த விலைக்கே தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதாக, அதே கடையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டி.ஏ.பி. உரம் கேட்டபோது, 1,350 ரூபாய் மூட்டையோடு 350 ரூபாய்க்கு ஒரு பை கடற்பாசிக் குருணையும் சேர்த்து வாங்கினால்தான் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. அந்தப் பையின் எந்தப் பக்கத்திலும் தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு அச்சிடப்பட்டிருக்கவில்லை. மூன்றாவதாக, மதுரைக் கடையில் 10-26-26 என்ற காம்ப்ளக்ஸ் 1,470 ரூபாய்க்குத் தாராளமாக இருந்தது. ஆனால் மேலூர்ப் பக்கம் அதை யாரும் அதிகமாக வாங்குவதில்லை. காரணம், மூட்டை விலை 20-20-0-13 மூட்டையைவிட 170 ரூபாய் அதிகம் என்பதுதான். குழுவில் வயதில் இளைய ஒருவர் என்னிடம், "அண்ணே, ஆயிரத்து முந்நூறுக்குக் கிடைக்கிற காம்ப்ளக்ஸை விட்டுட்டு ஆயிரத்து நானூத்தி எழுபதுக்கு வாங்கச் சொல்றீங்களே, எப்படிண்ணே கட்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

சத்தின் விலையைக் கணக்கிட்ட முறை

மூட்டையின் மேல் உள்ள எண்கள் நூறு கிலோவில் எத்தனை கிலோ சத்து என்பதைத் தழை, மணி, சாம்பல் என்ற வரிசையில் சொல்கின்றன. நான்காவது எண் இருந்தால் அது கந்தகம். மூட்டை 50 கிலோ என்றால் ஒவ்வொரு எண்ணிலும் பாதிதான் கையில் கிடைக்கும். யூரியா மூட்டை மட்டும் 45 கிலோ. அதை 50 என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒவ்வொரு மூட்டையிலும் 2.3 கிலோ தழைச்சத்து கூடுதலாகக் காட்டும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மூட்டையில் ஆக்சைடு கணக்கில்தான் அச்சிடப்படுகின்றன. பரிந்துரைகளும் அதே கணக்கில்தான் தரப்படுகின்றன என்பதால் ஒப்பீட்டிற்கு அதனால் தடையில்லை.

ஒரே சத்துள்ள உரங்களில் கணக்கு எளிது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோவில் 20.7 கிலோ. 266.50 ரூபாயை 20.7 ஆல் வகுத்தால் ஒரு கிலோ தழைச்சத்து 12 ரூபாய் 87 காசு. பொட்டாஷில் 60 சதவீதம் சாம்பல் சத்து. 50 கிலோ மூட்டையில் 30 கிலோ. மதுரைக் கடையின் விலையான 1,550 ரூபாயை 30 ஆல் வகுத்தால் ஒரு கிலோ சாம்பல் சத்து 51 ரூபாய் 67 காசு.

சிக்கல் காம்ப்ளக்ஸ் உரங்களில்தான் வருகிறது. பலரும் மூன்று எண்களையும் கூட்டி, மொத்தச் சத்தால் விலையை வகுத்துப் பார்க்கிறார்கள். 20-20-0-13 மூட்டையில் தழை 10, மணி 10, ஆக மொத்தம் 20 கிலோ. 1,300 ரூபாய்க்கு ஒரு கிலோ 65 ரூபாய். டி.ஏ.பி.யில் தழை 9, மணி 23, ஆக 32 கிலோ. ஒரு கிலோ 42 ரூபாய். இவ்வாறு பார்த்தாலும் டி.ஏ.பி. மலிவு என்று தெரியும். ஆனால் இந்த முறை தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஒரே மதிப்புடையவையாக எடுத்துக்கொள்கிறது. அரசு மானியத்தால் யூரியாவின் விலை கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், இந்தியச் சந்தையில் தழைச்சத்து மிக மலிவு. மணிச்சத்து அதைவிட நான்கு மடங்கு விலை. தழைச்சத்து நிறைந்த காம்ப்ளக்ஸை வாங்குகிறவர், யூரியாவாக 13 ரூபாய்க்குக் கிடைப்பதை அதே மூட்டைக்குள் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்.

ஆகவே நாங்கள் கையாண்ட முறை கழித்தல் முறை. காம்ப்ளக்ஸ் மூட்டையில் உள்ள தழைச்சத்தை யூரியா விலைக்கும், சாம்பல் சத்தைப் பொட்டாஷ் விலைக்கும் மதிப்பிட்டு, அவற்றை மூட்டை விலையிலிருந்து கழித்துவிட்டால், மீதி நிற்பது மணிச்சத்திற்கு நாம் கொடுக்கும் விலை. டி.ஏ.பி.யை எடுத்துக்கொள்வோம். 9 கிலோ தழைச்சத்தின் யூரியா மதிப்பு 116 ரூபாய். 1,350 ரூபாயில் அதைக் கழித்தால் 1,234 ரூபாய். அதை 23 ஆல் வகுத்தால் மணிச்சத்து கிலோ 53 ரூபாய் 66 காசு. 10-26-26 மூட்டையில் தழை 5 கிலோ, மணி 13 கிலோ, சாம்பல் 13 கிலோ. தழையின் மதிப்பு 64 ரூபாய், சாம்பலின் மதிப்பு 672 ரூபாய். 1,470 ரூபாயில் இரண்டையும் கழித்தால் 734 ரூபாய். 13 ஆல் வகுத்தால் மணிச்சத்து கிலோ 56 ரூபாய் 46 காசு. மூன்று இடங்களிலும் கிடைத்த விலைகளுக்கு இதே கணக்கைப் போட்டபோது கிடைத்தது இது:

| உரம் | மூட்டை விலை (ரூ.) | மூட்டையில் தழை–மணி–சாம்பல் (கிலோ) | மணிச்சத்து கிலோ விலை (ரூ.) |
|---|---|---|---|
| டி.ஏ.பி. | 1,350 | 9 – 23 – 0 | 54 |
| 10-26-26 | 1,470 | 5 – 13 – 13 | 56 |
| டி.ஏ.பி., குருணைப் பையோடு | 1,700 | 9 – 23 – 0 | 69 |
| சூப்பர் பாஸ்பேட் | 580 | 0 – 8 – 0 | 73 |
| 20-20-0-13 | 1,300 | 10 – 10 – 0 | 117 |
| 15-15-15 | 1,450 | 7.5 – 7.5 – 7.5 | 129 |

மூட்டை விலையில் டி.ஏ.பி.யைவிடக் குறைவாக நிற்கும் 20-20-0-13, மணிச்சத்தின் விலையில் அதைவிட இரு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. மலிவாகத் தோன்றிய 580 ரூபாய் சூப்பர் பாஸ்பேட்டும் டி.ஏ.பி.க்குப் பின்னால்தான் நிற்கிறது. வேண்டாத குருணைப் பையைத் தலையில் கட்டினாலும்கூட டி.ஏ.பி. 20-20-0-13 காம்ப்ளக்ஸைவிட மலிவு என்பது குழுவினருக்கு நம்ப முடியாததாக இருந்தது. இளையவர் தம் கைபேசியில் மீண்டும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்.

இந்த அட்டவணையில் ஒரு குறை இருக்கிறது; அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாகாது. 20-20-0-13 மூட்டையில் 6.5 கிலோவும், சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் 5.5 கிலோவும் கந்தகம் இருக்கிறது. மேலுள்ள கணக்கில் அந்தக் கந்தகத்திற்கு மதிப்பே கொடுக்கப்படவில்லை. கந்தகம் தேவைப்படும் நிலத்தில் அது காசு பெறும். போதுமான அளவு உள்ள நிலத்தில் பெறாது. இதைக் கடை விலையை வைத்துத் தீர்மானிக்க முடியாது, மண் பரிசோதனையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். குடும்பங்களிடம் இருந்த மண்வள அட்டைகளை எடுத்துப் பார்த்ததில், மேட்டு நிலத்தில் 4 ஏக்கருக்குக் கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குக் கீழே இருந்தது. மற்ற நிலங்களில் போதிய அளவு இருந்தது.

விதையின் விலை

விதைக்கும் இதே கேள்விதான், ஆனால் கணக்கு வேறு. குழுவினர் டி.கே.எம். 13 என்ற சன்ன ரகத்தைத் தேர்ந்திருந்தார்கள். 130 நாள் ரகமான அது, செப்டம்பரில் நாற்றுவிட்டுக் கால்வாய்த் தண்ணீரை நம்பிப் பயிர் செய்கிறவர்களுக்கு ஏற்றது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் நீல நிற அட்டையுள்ள சான்று விதை மானியம் போகக் கிலோ 24 ரூபாய். மேலூர் கடையில், உற்பத்தியாளரே தரத்தை அட்டையில் குறித்துத் தரும் இளம்பச்சை அட்டையுள்ள உண்மைநிலை விதை கிலோ 50 ரூபாய். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் அட்டை எதுவுமில்லாத விதை கிலோ 30 ரூபாய்.

கிலோ விலையை அப்படியே ஒப்பிடாமல், முளைத்து நாற்றாகக்கூடிய விதையின் விலையை ஒப்பிட வேண்டும் என்று முடிவு செய்தோம். சான்று நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம், குறைந்தபட்சப் புறத்தூய்மை 98 சதவீதம். இவை அடித்தள அளவுகள் மட்டுமே. கையில் உள்ள குவியலின் உண்மையான நிலை வேறாக இருக்கலாம். ஒவ்வொரு குவியலிலிருந்தும் மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடங்களில் கையளவு எடுத்துக் கலந்து, நூறு நூறு விதைகளாக எண்ணி நான்கு ஈரச் சாக்குத் துண்டுகளில் சுருட்டி வைத்தோம். ஒரே நூறு விதையோடு நிறுத்திக்கொண்டால் ஐந்தாறு விதை முன்பின்னாகக் காட்டும். நான்கு நூறுகளின் சராசரி அந்த ஊசலைக் குறைக்கும். முறையான பரிசோதனையில் நெல்லுக்கு இறுதி எண்ணிக்கை 14 ஆம் நாளில் எடுக்கப்படுகிறது என்பதால் நாங்களும் அதுவரை காத்திருந்தோம்.

விரிவாக்க மையத்து விதை 91 சதவீதமும், மேலூர் கடை விதை 94 சதவீதமும் முளைத்தன. அட்டையில்லாத விதை 72 சதவீதம் மட்டுமே முளைத்தது. அதை விற்கவிருந்தவர், விதை புதிதாக அறுத்தது, உறக்கம் தெளியவில்லை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அறுவடை செய்து சில வாரங்களே ஆன நெல்லுக்கு உறக்கநிலை இருக்கும். அது செத்த விதையல்ல, முளைக்க மறுக்கும் விதை. முளைக்காத விதையை நகத்தால் அழுத்தினால் செத்தது கூழாக நசுங்கும், உறங்குவது உறுதியாக நிற்கும். ஆகவே அதே குவியலை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மீண்டும் சோதித்தோம். இம்முறை 81 சதவீதம் முளைத்தது. ஆனால் தூய்மை தேறவில்லை. நூறு கிராம் எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பிப் பிரித்ததில் பதரும் தூசும் வேறு விதையும் சேர்ந்து 4 கிராம் இருந்தது. நெல்லிலேயே பருமனான வேற்று ரக மணிகளும் கலந்திருந்தன.

தூய்மையையும் முளைப்பையும் பெருக்கிக் கிலோ விலையை வகுத்தால், விரிவாக்க மையத்து விதையில் முளைக்கும் விதை கிலோ 27 ரூபாய், அட்டையில்லாததில் 38 ரூபாய் 58 காசு, கடை விதையில் 54 ரூபாய். 30 ரூபாய் விதை மலிவாகத்தான் ஒலிக்கிறது. கணக்கில் அது நடுவில் போய் நிற்கிறது. வேற்று ரகக் கலப்பினால் கதிர் முன்பின்னாக வந்து அறுவடையில் ஏற்படும் இழப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

மதுரைக் கடையில் ஒரு வீரிய ஒட்டு நெல்லும் பரிந்துரைக்கப்பட்டது. கிலோ 320 ரூபாய், ஏக்கருக்கு 6 கிலோ, ஆக 1,920 ரூபாய். 20 கிலோ மானிய விதைக்கு ஆகும் 480 ரூபாயோடு பார்த்தால் 1,440 ரூபாய் அதிகம். நான்கு மடங்கு என்று கேட்டவுடன் எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் ஒதுக்குவதற்கு அது சரியான காரணமல்ல என்று எனக்குப் பட்டது. அந்தப் பருவத்தில் அரசு கொள்முதல் விலை சன்ன ரகத்திற்குக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். 1,440 ரூபாயை ஈடுசெய்ய ஏக்கருக்கு 59 கிலோ நெல் கூடுதலாக விளைந்தால் போதும். 2,300 கிலோ விளையும் நிலத்தில் அது பெரிய அளவல்ல. உண்மையான தடை வேறிடத்தில் இருந்தது. அந்த ஒட்டு நெல்லுக்கு உள்ளூர் வியாபாரிகள் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தே கொடுப்பார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. அந்த ஒரு ரூபாயைச் சேர்த்துக் கணக்கிட்டால், சமமாக நிற்பதற்கே ஏக்கருக்கு 159 கிலோ கூடுதலாக விளைய வேண்டும். விதை விலையைவிட விளைபொருளின் விலைதான் இங்கே முடிவைத் தீர்மானித்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஏக்கருக்கு 60, 20, 20 கிலோ என்ற அதே அளவை மூன்று வழிகளில் வாங்கினால் என்ன செலவாகும் என்று முதலில் எழுதிப் பார்த்தோம். கடைச் சீட்டின்படி 4,148 ரூபாய். டி.ஏ.பி., யூரியா, பொட்டாஷ் என்று தனித்தனியாக வாங்கினால் 2,879 ரூபாய். 10-26-26 உடன் யூரியா சேர்த்தால் 2,935 ரூபாய். பின்னிரண்டுக்கும் இடையே 56 ரூபாய்தான் வேறுபாடு என்பதால், அவற்றில் எது என்பதை விலையை வைத்து முடிவு செய்யவில்லை. மண்ணை வைத்து முடிவு செய்தோம். 10-26-26 இல் சாம்பல் சத்து முழுவதும் அடியுரத்தோடு போய்விடுகிறது. களிப்பாங்கான மண் அதைப் பிடித்து வைக்கும். மணற்பாங்கான நிலத்தில் நீரோடு கீழே இறங்கும் என்பதால், அங்கே பொட்டாஷைத் தனியாக வாங்கி மூன்று நான்கு தவணைகளாகப் பிரித்து இடுவதே பொருத்தம்.

இதன்படி களிமண் 8 ஏக்கருக்கு 10-26-26 உம், மேட்டு நிலம் 6 ஏக்கருக்கு டி.ஏ.பி.யும் பொட்டாஷும் என்று பிரிக்கப்பட்டது. மேட்டு நிலத்தில் எஞ்சிய ஓர் ஏக்கரை, அதன் உரிமையாளர் ஒப்பீட்டிற்காகக் கடைச் சீட்டின்படியே வைத்துக்கொண்டார். கந்தகம் குறைந்த 4 ஏக்கரும் டி.ஏ.பி. இடும் நிலத்திலேயே இருந்ததால், அவற்றுக்கு ஏக்கருக்கு 100 கிலோ ஜிப்சம் இடுவது என்று பேசப்பட்டது. விலையுயர்ந்த மணிச்சத்தோடு சேர்த்துக் கந்தகத்தை வாங்குவதைவிட, ஜிப்சமாக வாங்குவது மலிவு.

டி.ஏ.பி. ஐந்து மூட்டையும் யூரியா 35 மூட்டையும் கூட்டுறவுச் சங்கத்திலேயே கிடைத்தன. 10-26-26 பன்னிரண்டு மூட்டையும் பொட்டாஷ் நான்கு மூட்டையும் மதுரையிலிருந்து 1,500 ரூபாய் வாடகைக்குச் சிறிய சரக்கு வண்டியில் வந்தன. வாடகை மூட்டைக்கு 94 ரூபாய் விழுந்தது. அதை முழுவதும் மணிச்சத்தின் மேல் ஏற்றினாலும் 10-26-26 இல் கிலோ 64 ரூபாய்க்குள்தான் நிற்கிறது. ஓரிரு மூட்டைக்காக மட்டும் வண்டி பிடித்திருந்தால் இந்த ஆதாயம் வாடகையிலேயே கரைந்திருக்கும்; சேர்ந்து வாங்கியதன் பயன் இங்கேதான் இருந்தது.

கடன் பற்றிய பேச்சு இதனூடே வந்தது. இரண்டு குடும்பங்களிடம் ரொக்கம் இல்லை. மேலூர் கடை அறுவடை வரை கடன் கொடுக்கும். ஆனால் 1,300 ரூபாய் மூட்டைக்கு 1,380 ரூபாய் எழுதும். ஐந்து மாதத்திற்கு 80 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சதவீத வட்டி. அவசரத்திற்குக் கைகொடுக்கிற கடையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துகிறவர்களுக்குப் பயிர்க்கடன் வட்டியில்லாமல் கிடைக்கும்போது, கடனுக்காகவே விலையுயர்ந்த உரத்தை வாங்க வேண்டிய தேவை இல்லை. இரண்டு குடும்பங்களும் சங்கத்தில் கடன் பெற்றன.

விதையில், விரிவாக்க மையத்தில் 12 ஏக்கருக்குத் தேவையான அளவே இருப்பு இருந்தது. மீதி 3 ஏக்கருக்குக் கடையின் உண்மைநிலை விதை வாங்கப்பட்டது. அட்டையில்லாத விதை தவிர்க்கப்பட்டது.

தொடர்ந்து நடந்தவை

செப்டம்பர் நடுவில் நாற்றுவிட்டு, அக்டோபரில் நடவு முடிந்தது. நாற்றங்காலில் 27 ரூபாய் விதைக்கும் 54 ரூபாய் விதைக்கும் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு இல்லை.

அடியுரம் இட்டபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஏக்கருக்கு டி.ஏ.பி. 43 கிலோ என்பதும், 10-26-26 ஒன்றரை மூட்டைக்குச் சற்று மேல் என்பதும் வயலில் அளப்பதற்கு வசதியான அளவுகள் அல்ல. இரண்டு மூட்டையைப் பிரித்து வீசிப் பழகிய கைக்கு இது குறைவாகத் தோன்றியது. ஒரு குடும்பம் பாதி ஏக்கரிலேயே முக்கால் பங்கை வீசிவிட்டது. அதன்பிறகு, வாளியில் எடைபோட்டு, எத்தனை வாளிக்கு எத்தனை பாத்தி என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டார்கள். செறிவான உரத்தை வாங்குகிறவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். வாங்குவதில் மிச்சப்படுத்தியது வீசுவதில் வீணாகலாம்.

நடவு செய்து ஒரு மாதம் ஆன நிலையில், கந்தகம் குறைந்த 4 ஏக்கரில் ஓர் ஏக்கர் மட்டும் வெளிறத் தொடங்கியது. விசாரித்ததில், அந்தக் குடும்பம் ஜிப்சத்தை வாங்கவே இல்லை என்று தெரிந்தது. ஏற்கெனவே மிச்சமான பணத்தில் மீண்டும் செலவு ஏன் என்று நினைத்திருக்கிறார்கள். தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி மேலும் யூரியா இட அவர்கள் முனைந்திருந்தார்கள். தழைச்சத்து குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியில் உள்ள முதிர்ந்த இலைகள். கந்தகம் குறைந்தால் நுனியில் உள்ள இளம் இலைகள். இங்கே வெளிறியவை இளம் இலைகள். அடுத்த மேலுரத்தில் ஒரு பங்கு யூரியாவுக்குப் பதிலாக அம்மோனியம் சல்பேட் ஒரு மூட்டை 1,050 ரூபாய்க்கு வாங்கி இடப்பட்டது. சில நாட்களில் புதிய இலைகள் பச்சை பிடித்தன.

செலவுக் கணக்கு இது. 14 ஏக்கருக்குக் கடைச் சீட்டின்படி முழு மூட்டைகளாக வாங்கியிருந்தால் 57,545 ரூபாய் ஆகியிருக்கும். வாங்கிய உரங்களுக்கு ஆனது 39,917 ரூபாய். இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 17,628 ரூபாயிலிருந்து, வண்டி வாடகை 1,500, மூன்று ஏக்கருக்கு ஜிப்சம் 1,800, அம்மோனியம் சல்பேட் 1,050 ரூபாய் ஆகியவற்றைக் கழித்தால் 13,278 ரூபாய் மிஞ்சுகிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ 950 ரூபாய். முதல் கணக்கில் தெரிந்த 1,270 ரூபாய் முழுவதும் கைக்கு வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் அறுவடை நடந்தது. ஒப்பீட்டிற்காக வைத்த ஏக்கரில் 2,290 கிலோவும், அதே உரிமையாளரின் அடுத்த வயலில், டி.ஏ.பி. இட்ட ஏக்கரில் 2,260 கிலோவும் கிடைத்தன. ஒரே வரப்பின் இரு பக்கமும் 30 கிலோ வேறுபடுவது தண்ணீர் பாயும் விதத்தாலேயே நிகழக்கூடியது. இதை வைத்து எந்த உரத்தையும் உயர்த்தியோ தாழ்த்தியோ சொல்ல முடியாது. அந்த 30 கிலோவை முழுவதும் உரத்தின் கணக்கில் எழுதினாலும் 735 ரூபாய்தான் ஆகிறது. அந்த ஏக்கரில் உரத்திற்குக் கூடுதலாகக் கொடுத்தது 1,269 ரூபாய். ஜிப்சம் இட்ட மூன்று ஏக்கரில் சராசரி 2,230 கிலோவும், இடாத ஏக்கரில் 2,040 கிலோவும் விளைந்தன. 600 ரூபாய் ஜிப்சத்தைத் தவிர்த்ததோடு இந்த இழப்புக்குத் தொடர்பு இருப்பதாகவே நான் கருதுகிறேன், ஆனால் ஒரே ஏக்கரை வைத்து அதை உறுதியாகச் சொல்ல இயலாது.

அடுத்த பருவத்தில் மாற்ற வேண்டியவை

இந்த அட்டவணையின் எண்கள் 2024 ஆகஸ்ட் மாதத்து விலைகளுக்கு மட்டுமே பொருந்தும். யூரியாவின் விலை நிலையாக இருந்தாலும், காம்ப்ளக்ஸ் மற்றும் பொட்டாஷ் விலைகள் பருவத்திற்குப் பருவம் மாறுகின்றன. 10-26-26 மூட்டைக்கு 250 ரூபாய் ஏறினால் அதன் மணிச்சத்து விலை கிலோவுக்கு 19 ரூபாய் ஏறி, டி.ஏ.பி.யோடு அது போட்டியிட முடியாமல் போகும். ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் யூரியாவின் கிலோ விலை, பொட்டாஷின் கிலோ விலை ஆகிய இரண்டையும் முதலில் புதிதாகக் கணக்கிட்டு, பிறகே மற்றவற்றைக் கழிக்க வேண்டும்.

மண் பரிசோதனையை விலை கேட்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்று குழு முடிவு செய்துள்ளது. இம்முறை பயன்படுத்திய அட்டைகளில் சில பழையவை. களிமண் நிலத்தின் ஓர் அட்டையில் மணிச்சத்து அதிகம் என்று இருந்தும், பொதுப் பரிந்துரையின்படியே முழு அளவும் வாங்கப்பட்டது. கால் பங்கைக் குறைத்திருந்தாலே ஏக்கருக்கு 5 கிலோ மணிச்சத்து, அதாவது எந்தக் கடையில் வாங்கினாலும் 268 ரூபாய்க்குக் குறையாத செலவு, மிஞ்சியிருக்கும். கந்தகம் குறைந்த நிலங்களுக்கு ஜிப்சத்தைத் தனிக் குடும்பங்களின் விருப்பத்திற்கு விடாமல், உரத்தோடு சேர்த்தே குழுவின் கணக்கில் வாங்குவது என்றும் பேசி முடித்துள்ளார்கள்.

டி.ஏ.பி.யோடு குருணைப் பையைக் கட்டாயப்படுத்தியது குறித்து இம்முறை எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கப்படவில்லை. சங்கத்தில் இருப்பு கிடைத்ததால் விஷயம் அப்படியே விடப்பட்டது. சங்கத்தில் கிடைக்காத ஆண்டில் இதே நிலை ஏற்பட்டால், பலகையில் காட்டிய இருப்பைக் குறித்துக்கொண்டு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் அளிப்பது என்றும், மேலூர் கடையில் எதை வாங்கினாலும் ரசீது பெறாமல் மூட்டையை வண்டியில் ஏற்றுவதில்லை என்றும் ஆறு குடும்பங்களும் ஒப்புக்கொண்டுள்ளன. விதைக்கு, விரிவாக்க மையத்தில் ஜூலை மாதத்திலேயே தேவையைப் பதிவு செய்து, 15 ஏக்கருக்கும் நீல அட்டை விதையே வாங்கத் திட்டமிட்டுள்ளார்கள்.